யென் சரிந்தது, ஏற்றுமதி ஏன் அசையவில்லை?

பேரியல் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். திறந்த பொருளாதாரத்தில் பணக் கொள்கை எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே வரிசையில் அம்புக்குறிகளை இட்டுக்கொண்டு போவேன். மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும். கூடுதல் வட்டியைத் தேடி மூலதனம் வெளியேறும். வெளியேறுகிறவர்கள் உள்நாட்டு நாணயத்தை விற்பதால் அதன் மதிப்பு சரியும். சரிந்த மதிப்பில் நம் பொருள் வெளிநாட்டாருக்கு மலிவாகவும் அவர்கள் பொருள் நமக்கு விலை கூடியதாகவும் ஆகும். ஏற்றுமதி கூடி, இறக்குமதி குறைந்து, நிகர ஏற்றுமதி உயரும். அதனால் உற்பத்தி பெருகும். ஒருமுறை இதை எழுதி முடித்து நான் திரும்பியபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, "சார், 2013-இல் ஜப்பானின் யென் அவ்வளவு சரிந்ததே, பிறகு ஏன் அதன் வர்த்தகப் பற்றாக்குறை கூடியது?" என்று கேட்டார். தொடக்கத்தில் பற்றாக்குறை கூடிப் பிறகு குறையும், அதற்கு ஜே வளைவு என்று பெயர் என்று பதில் சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பதில் தவறானது அல்ல. ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் ஜே வளைவின் மேலேறும் பகுதி எத்தனை ஆண்டுகளில் வந்தது என்று அவர் தொடர்ந்து கேட்டிருந்தால், என்னிடம் நேர்மையான விடை இருந்திருக்காது.

இந்தக் கேள்வியை ஒரு புறநடை என்று ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. மூடிய பொருளாதாரத்தில் வட்டி குறைந்தால் தொழில் முதலீடும் வீடு கட்டுவதும் கூடும். பணக் கொள்கையின் பலம் அந்த வழியில்தான் செல்லும். 1960-களின் தொடக்கத்தில் பொருளியலாளர்கள் ராபர்ட் மண்டலும் மார்கஸ் பிளெமிங்கும் தனித்தனியே அமைத்த மாதிரியில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. மூலதனம் தடையின்றி எல்லை தாண்டும் என்றால், ஒரு சிறிய நாட்டின் வட்டி உலக வட்டியைவிட நீண்ட நேரம் தாழ்ந்திருக்க முடியாது. மத்திய வங்கி பணத்தைப் பெருக்கினால் வட்டி சற்றே அசைந்த உடனே மூலதனம் வெளியேறி, மாற்று விகிதம் சரிந்து, நிகர ஏற்றுமதி உயர்ந்து, வருமானம் பெருகி, அந்தக் கூடுதல் பணத்துக்கான தேவையும் பெருகி, வட்டி பழைய இடத்துக்கே வந்து சேரும். அதாவது பணக் கொள்கையின் முழுச் சுமையையும் நிகர ஏற்றுமதி என்ற ஒரே தோள் சுமக்கிறது. மாணவி கேட்டது அந்தத் தோளைப் பற்றி. அது அசையவில்லை என்றால் மாதிரியில் எதுவுமே அசையாது.

எண்கள் சொல்வது

ஜப்பானின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2012 நவம்பர் நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 80 யென் இருந்தது. அந்த மாதம் நாடாளுமன்றக் கீழவை கலைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. தாராளமான பணக் கொள்கையை வலியுறுத்திய ஷின்சோ அபேயின் கட்சி ஆட்சிக்கு வரும் என்று சந்தை கணித்தது. யென் அன்றே சரியத் தொடங்கியது. ஹருஹிகோ குரோடாவின் தலைமையில் ஜப்பான் மத்திய வங்கி, 2 ஆண்டுகளில் பணவீக்கத்தை 2 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவோம், அதற்காக அடிப்படைப் பணத்தை இரட்டிப்பாக்குவோம் என்று அறிவித்தது 2013 ஏப்ரல் 4 அன்றுதான். அதற்குள் டாலர் 90 யென்னைக் கடந்திருந்தது. மே மாதத்தில் 100-ஐத் தாண்டியது; 2014 முடிவில் 120-க்கு அருகில் நின்றது. குறுகிய கால வட்டி முன்பே பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால், அங்கே குறைப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. மாற்று விகிதத்தை நகர்த்தியது நீண்ட காலக் கடன் பத்திரங்களின் வட்டியும், வருங்காலப் பணவீக்கம் பற்றிய எதிர்பார்ப்பும். மூலதனம் எவ்வளவு வேகமாகச் செயல்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. கொள்கை அறிவிக்கப்படும் முன்பே அதன் விளைவில் கணிசமான பகுதி மாற்று விகிதத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரக்குகளின் கணக்கு வேறு விதமாக ஓடியது. 2012-இல் ஜப்பானின் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை ஏறக்குறைய 7 லட்சம் கோடி யென். 2013-இல் அது 11 லட்சம் கோடியைத் தாண்டியது. 2014-இல் 13 லட்சம் கோடியை நெருங்கியது. ஏற்றுமதியின் யென் மதிப்பு 2013-இல் 9 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது உண்மை. ஆனால் ஏற்றுமதியான சரக்கின் அளவு உயரவில்லை. சிறிது குறையவும் செய்தது. அதே நேரத்தில் 2011 மார்ச்சில் நடந்த புகுஷிமா விபத்துக்குப் பின் அணு உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 2013 செப்டம்பரில் ஒன்றுகூட இயங்காத நிலை வந்திருந்தது. மின்சாரத்துக்கு எரிவாயுவும் எண்ணெயும் வாங்கியே தீர வேண்டும். அவற்றின் விலையோ டாலரில். யென் சரிந்ததால் அந்தப் பட்டியல் தானாகவே நீண்டது.

இங்கே முதலில் என் சொந்தக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. செய்தித்தாளில் வரும் வர்த்தகப் பற்றாக்குறை மதிப்பில் அளக்கப்படுவது. மாதிரியில் உற்பத்தியை உயர்த்தும் நிகர ஏற்றுமதியோ சரக்கின் அளவில் நிகழும் மாற்றம். கூடுதலாக எத்தனை இயந்திரம் செய்யப்பட்டது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது அதைப் பொறுத்தது. ஆகவே பற்றாக்குறை கூடியதை மட்டும் காட்டிக் கொள்கை தோற்றது என்று சொல்வது சரியாகாது. ஜப்பானின் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி டாலரிலும், இறக்குமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு டாலரிலும் விலை குறிக்கப்படுகின்றன. இப்படி இருக்கும்போது யென் சரிந்த மறுநாளே இறக்குமதியின் யென் மதிப்பு ஏற்றுமதியினதைவிட அதிகமாக வீங்குவது வெறும் கணக்கு. இதே காரணத்தால், 2014 நடுவில் தொடங்கி எண்ணெய் விலை பாதிக்கும் கீழாக விழுந்தபோது பற்றாக்குறை சுருங்கியதையும், 2016-இல் உபரி வந்ததையும் யென்னின் வெற்றியாகக் கொள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் மதிப்பை ஒதுக்கிவிட்டு அளவைப் பார்த்தால் எஞ்சுவது ஒரே கேள்வி: யென் நான்கில் ஒரு பங்கு மலிந்தும் வெளிநாட்டார் ஏன் கூடுதலாக வாங்கவில்லை?

ஒரு காரின் கணக்கு

விடைக்காக நான் நாட்டளவிலான எண்களை விட்டு இறங்கி, ஒரே ஒரு ஏற்றுமதியாளரின் மேசைக்குப் போனேன். கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வெளிச்சந்தையில் அதன் விலை 20,000 டாலர். உள்நாட்டில் அதைச் செய்ய ஆகும் செலவு 14 லட்சம் யென். டாலருக்கு 80 யென் என்றால் வரவு 16 லட்சம், லாபம் 2 லட்சம். டாலர் 100 யென் ஆனால், விலைச்சீட்டை அவர் தொடாமலே வரவு 20 லட்சம், லாபம் 6 லட்சம். அவர் எதுவும் செய்யாமல் லாபம் மும்மடங்காகிறது. பாடப்புத்தகம் அவரிடம் எதிர்பார்ப்பது, டாலர் விலையைக் குறைத்துக் கூடுதல் கார்களை விற்பதை. சரி, 10 விழுக்காடு குறைத்து 18,000 டாலர் என்று வைக்கிறார். வரவு 18 லட்சம், ஒரு காருக்கு லாபம் 4 லட்சம். விலையைக் குறைக்காமல் கிடைத்த மொத்த லாபத்தை எட்டவே விற்பனை 50 விழுக்காடு கூட வேண்டும். 10 விழுக்காடு விலைக் குறைப்புக்கு 50 விழுக்காடு விற்பனை உயரும் சந்தை அரிது. அது மட்டுமா? யென் மறுபடியும் 80-க்குத் திரும்பினால், 18,000 டாலருக்கு விற்ற காரில் அவருக்கு மிஞ்சுவது 40,000 யென். குறைத்த விலையை மறுபடி உயர்த்தப் போனால் வாங்குபவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

ஜப்பான் ஏற்றுமதியாளர்கள் உண்மையில் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்பதைச் சரிபார்க்க ஒரு நேரடி வழி இருக்கிறது. ஜப்பான் மத்திய வங்கி ஏற்றுமதி விலைக் குறியீட்டை இரண்டு விதமாக வெளியிடுகிறது: ஒன்று யென் அடிப்படையில், மற்றொன்று ஒப்பந்தம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டதோ அந்த நாணயத்தின் அடிப்படையில். மாற்று விகிதம் சரிந்து, யென் குறியீடு எகிறி, ஒப்பந்த நாணயக் குறியீடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றால், விலை வாங்குபவரைச் சென்றடையவே இல்லை என்று பொருள். 2013-இல் தெரிந்தது அந்த உருவம்தான். வெளிநாட்டார் கண்ணுக்கு ஜப்பானியப் பொருள் பெரிதாக மலியவில்லை. மலியாத பொருளைக் கூடுதலாக வாங்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. சரிவின் பலன் ஏற்றுமதி நிறுவனங்களின் லாபத்திலும் அவற்றின் பங்கு விலையிலும் போய்ச் சேர்ந்தது. மலிவு நேரடியாகக் கண்ணில் பட்ட துறை சுற்றுலா. அங்கே ஓட்டல் அறையும் ரயில் சீட்டும் யென்னில் விலை குறிக்கப்படுகின்றன; 2012-இல் 84 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2015-இல் ஏறக்குறைய 2 கோடி ஆனார்கள். விசா விதிகளைத் தளர்த்தியதும் இதற்கு உதவியது என்றாலும், விலை எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வேறுபாடு எனக்குக் காட்டியது.

ஆனால் விலையைக் குறைக்காதது பாதிக் கதைதான். அவ்வளவு லாபம் வருகிறதென்றால், உள்நாட்டிலேயே இன்னொரு ஆலை கட்டி, இன்னும் அதிகமாகச் செய்து அனுப்ப வேண்டுமல்லவா? 2011 அக்டோபர் இறுதியில் டாலர் 76 யென்னுக்கும் கீழே போன காலத்தில் உற்பத்தியைத் தாய்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோன நிறுவனங்கள், 100 யென் ஆனதும் அவற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமல்லவா? பெரும்பாலும் கொண்டுவரவில்லை. இதை வெறும் மந்தகதி என்று சொல்லிவிட்டு நான் பல நாள் திருப்தியாக இருந்தேன். உலக வர்த்தகமே அப்போது தளர்ந்திருந்தது என்ற விளக்கமும் கையில் இருந்தது. அதில் உண்மையும் உண்டு.

இரண்டு படங்கள் ஒன்றையொன்று பார்த்தபோது

எனக்கு விளங்கியது வேறொரு வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது. பொருளியலாளர் ருடிகர் டார்ன்புஷ் மாற்று விகிதம் பற்றி 1976-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கருத்தை, மாணவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சிறு எண்களில் எழுதிப் பார்த்தேன். உள்நாட்டு வட்டியும் வெளிநாட்டு வட்டியும் 5 விழுக்காடு. ஒரு வெளிநாட்டு நாணயத்துக்கு உள்நாட்டு நாணயம் 100. மத்திய வங்கி வட்டியை 3 ஆக்குகிறது. 3 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி 5-க்குத் திரும்பும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். வெளியே 5 கிடைக்கும்போது உள்ளே 3-க்குப் பணத்தை வைத்திருக்க யார் சம்மதிப்பார்கள்? உள்நாட்டு நாணயம் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் மட்டுமே சம்மதிப்பார்கள். இனிமேல் ஆண்டுக்கு 2 உயர்ந்து மூன்றாம் ஆண்டின் முடிவில் 100-க்கு வந்து நிற்க வேண்டுமென்றால், இன்றே அது 106-க்குச் சரிய வேண்டும். அடுத்த ஆண்டு 104, அதற்கடுத்து 102, பிறகு 100. வட்டிக் குறைப்பு உண்டாக்கும் சரிவு என்பது, மீண்டும் ஏறும் பாதையோடு சேர்த்தே உண்டாகிறது. ஏறும் என்ற நம்பிக்கைதான் சரிவுக்கே காரணம்.

அந்த நான்கு எண்களையும் எழுதிவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் ஜே வளைவை வரைந்தேன். அதன் கிடை அச்சில் ஆண்டுகளைக் குறித்தபோது கை நின்றுவிட்டது. ஒப்பந்தங்கள் முடிந்து, விலைகள் மாற்றி எழுதப்பட்டு, புதிய வாங்குவோர் கிடைத்து, ஆலை எழுந்து ஏற்றுமதியின் அளவு உயர எனக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. அதே மூன்று ஆண்டுகளில் இந்தப் பக்கம் மாற்று விகிதம் 100-க்குத் திரும்பிவிட்டது. ஏற்றுமதியாளர் ஆலையைத் திறக்கும் நாளில் அவரை ஆலை கட்டத் தூண்டிய மலிவு இல்லை. நாணயம் நிரந்தரமாகவே சில விழுக்காடு தாழ்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் விடை மாறுவதில்லை. ஏனென்றால் பணம் நிரந்தரமாகக் கூடினால் காலப்போக்கில் உள்நாட்டுக் கூலியும் விலையும் அதே அளவு கூடி, சரக்குக்குச் சரக்கு மாறும் உண்மை விகிதம் பழைய இடத்துக்கே வந்துவிடும். 14 லட்சம் யென்னில் செய்த காருக்கு அப்போது செலவே உயர்ந்திருக்கும்.

அப்போதுதான், நான் முதல் வகுப்பில் எழுதும் அம்புக்குறிகளுக்குள் ஒரு நிபந்தனை சொல்லப்படாமல் இருக்கிறது என்பதைக் கண்டேன். மண்டல், பிளெமிங் மாதிரியில் உள்நாட்டு வட்டி உலக வட்டிக்குச் சமமாகிறது என்றால், நாணயம் இனி ஏறும் அல்லது இறங்கும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். இன்றைய விகிதமே என்றைக்கும் என்று மூலதனக்காரர் நினைக்கிறார். ஏற்றுமதியாளரும் அப்படியே நினைப்பதால் தாராளமாக ஆலை கட்டுகிறார். மாதிரி தன்னளவில் முரணில்லாதது. முரண் என் கற்பித்தலில் இருந்தது. மூலதனக்காரருக்கு எதிர்காலத்தைக் கணிக்கும் திறனைக் கொடுத்துவிட்டு, ஏற்றுமதியாளர் மட்டும் இன்றைய விலையைப் பார்த்து நாளைக்கு ஆலை கட்டுவார் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். கடன் பத்திரத்தை விற்க ஒரு நொடி போதும், தவறினால் அடுத்த நொடியில் திரும்ப வாங்கலாம்; ஆலையை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே இருவரில் எதிர்காலத்தைப் பற்றி அதிகமாக யோசிக்க வேண்டியவர் ஏற்றுமதியாளர்தான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. டார்ன்புஷ் சொல்லும் ஒழுங்கான பாதையில் நாணயங்கள் நடப்பதில்லை. வட்டி குறைந்த நாணயம் பின்னர் ஏற வேண்டும் என்ற கணிப்பு, குறுகிய காலத் தரவுகளில் திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கிறது. யென்னும் 2013-இல் ஒரே நாளில் விழுந்து பிறகு ஏறவில்லை. இரண்டு ஆண்டுகள் படிப்படியாக இறங்கியது. எனவே 106, 104, 102 என்பதை முன்னறிவிப்பாக நான் இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் வட்டி வேறுபாட்டால் வந்த சரிவு அந்த வேறுபாடு உள்ளவரைதான் நிற்கும் என்ற அளவில் அது செல்லுபடியாகிறது; ஆலை கட்டுபவருக்கு அந்த அளவே போதுமான எச்சரிக்கை.

நீண்டு நின்ற ஒரு விகிதம்

காலத்தின் நீளம்தான் விஷயம் என்றால், மாற்று விகிதம் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் நின்ற இடத்தில் நிகர ஏற்றுமதி வலுவாக அசைந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 1980-கள் அதற்குச் சான்று. பால் வோல்க்கரின் தலைமையில் மத்திய வங்கி பணவீக்கத்தை ஒடுக்க வட்டியை உயர்த்தியது. அதோடு அரசின் பெரும் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, டாலர் 1980-இலிருந்து 1985 தொடக்கம் வரை ஏறிக்கொண்டே போனது. ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டு உற்பத்தியாளருக்குப் போதுமானவை. அவர்கள் அமெரிக்காவில் விற்பனை நிலையங்களும் பழுது பார்க்கும் நிலையங்களும் அமைத்தார்கள், வாடிக்கையாளரைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் நிகர ஏற்றுமதி ஆழமாகச் சரிந்தது. 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் டாலரை இறக்க உடன்பட்டபோது, அது ஏற்கெனவே சில மாதங்களாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 1987 வரை வளர்ந்துகொண்டே இருந்தது. கடை விரித்தவர்கள் டாலர் இறங்கியவுடன் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. லாபத்தைக் குறைத்துக்கொண்டு நின்றார்கள். ஏற்றத்தில் உள்ளே வருவதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன என்றால், இறக்கத்தில் வெளியேறுவதற்கும் ஆண்டுகள் பிடித்தன.

அந்த மாணவியை அடுத்த பருவத்தில் சந்தித்தபோது இந்தக் கணக்கை எல்லாம் எழுதிக் காட்டினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் வட்டியை மூன்று ஆண்டுக்குப் பதில் பத்து ஆண்டுக்குக் குறைத்து வைப்போம் என்று மத்திய வங்கி சொன்னால் என்ன ஆகும் சார்?" என்று கேட்டார். இருவரும் அங்கேயே போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 2 என்றால் பத்து ஆண்டுகளுக்கு இன்றைய சரிவு ஏறக்குறைய 20 விழுக்காடு. மூன்று ஆண்டுகளில் ஆலை எழுந்தாலும் அதன் பிறகு ஏழு ஆண்டுகள் மலிவு மிச்சமிருக்கும். கட்டுவது வீண் போகாது. ஆனால் பத்து ஆண்டுகள் வட்டியை உயர்த்த மாட்டோம் என்று நம்ப வைக்க, பொருளாதாரம் அவ்வளவு காலம் தேறாது என்றோ, தேறினாலும் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்றோ சொல்ல வேண்டும். பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் உள்நாட்டுச் செலவு ஏறி மலிவு அதற்கு முன்பே கரையும். ஜப்பான் சொன்னதோ பத்து ஆண்டுகள் அல்ல; 2 ஆண்டுகளில் 2 விழுக்காடு என்று. அந்த வாக்கை முழுதாக நம்பிய ஒரு கார் உற்பத்தியாளர், 2015-இல் பணவீக்கம் இலக்கைத் தொட்டு, அதன் பின் வட்டியும் யென்னும் ஏறும் என்றே கணக்கிட்டிருப்பார். அவருடைய ஆலைக்கு அப்போது கூரை போட்டிருக்க மாட்டார்கள்.